ஜாக்கெட்டின் அசல் விலை: கழித்த 30 சதவீதத்தைத் திரும்பச் சேர்த்தால் ஏன் வருவதில்லை?

ஊட்டிப் பயணத்துக்காக என் தங்கை மகன் ஒரு ஜாக்கெட் வாங்கினான். ரவிக்கை இல்லை, குளிருக்குப் போடுகிற ஜிப் வைத்த ஜாக்கெட். 30 சதவீதத் தள்ளுபடி போக 1,680 ரூபாய். வீட்டுக்கு வந்ததும் விலைச்சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டான். ஒரு வாரம் கழித்து அவன் நண்பன் அதே ஜாக்கெட் வேண்டுமென்று கேட்டபோது தள்ளுபடி முடிந்திருந்தது. முழு விலை என்ன என்று கேட்டதற்கு இவன் ஃபோனில் தட்டிப் பார்த்து 2,184 என்று சொன்னான். நண்பன் 2,200 ரூபாயோடு கடைக்குப் போனால், சீட்டில் போட்டிருந்த விலை 2,400.

“மாமா, முப்பது கழிச்சாங்க, நான் முப்பதைச் சேர்த்தேன். இதுல என்ன தப்பு?” என்று கேட்டான்.

இரண்டு முப்பதும் ஒன்றில்லை என்பதுதான் தப்பு. கடைக்காரர் கழித்தது 2,400இல் 30 சதவீதம், அதாவது 720 ரூபாய். இவன் சேர்த்தது 1,680இல் 30 சதவீதம், 504 ரூபாய். சதவீதம் என்றாலே ‘எதில்?’ என்ற கேள்வி கூடவே வரவேண்டும். தள்ளுபடி பொதுவாகக் குறித்த விலையில்தான் கணக்கிடப்படுகிறது. நம் கையில் இருப்பதோ விற்ற விலை.

இப்படி யோசித்தால் சட்டென்று பிடிபடும். முழு விலை 100 பங்கு. 30 பங்கு போனது, மீதி 70 பங்கு. அந்த 70 பங்குக்குத்தான் 1,680 கொடுத்திருக்கிறோம். அப்படியென்றால் 10 பங்குக்கு 240, 100 பங்குக்கு 2,400. கால்குலேட்டரில் செய்வதானால் 1,680ஐ 0.70ஆல் வகுத்தால் போதும். கூட்டல் எங்கேயும் இல்லை.

விடை சரியா என்று பார்க்க முன்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். 2,184இல் 30 சதவீதம் 655 ரூபாய் 20 காசு. கழித்தால் 1,528.80 வருகிறது. பில்லில் இருப்பது 1,680. அரை நிமிடம் கூட ஆகாத இந்தச் சோதனையை அவன் செய்திருந்தால், நண்பன் கவுன்ட்டரில் 200 ரூபாய் குறைவாக நின்றிருக்க மாட்டான்.

இந்தத் தப்பு இவ்வளவு நாள் பிழைத்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சின்னத் தள்ளுபடியில் அது வெளியே தெரிவதில்லை. 1,000 ரூபாய்ப் பொருள் 5 சதவீதம் குறைந்து 950 ஆனால், 5 சதவீதம் சேர்க்கும்போது 997.50 வரும். ‘சில்லறை வித்தியாசம்’ என்று விட்டுவிடுவோம். பாதி விலையில் யாரும் ஏமாறமாட்டார்கள். 500உடன் பாதியைச் சேர்த்து 750 என்று சொன்னால் சின்னப் பிள்ளையே சிரிக்கும். ஆபத்து நடுவில், 20இலிருந்து 40 வரையிலான தள்ளுபடிகளில். விடை நம்பும்படி இருக்கும், ஆனால் 4 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் வரை குறைந்திருக்கும்.

ஃபோன் கால்குலேட்டரும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. 1680 + 30% என்று அடித்தால் பெரும்பாலான ஃபோன்கள் தயங்காமல் 2184 என்று காட்டும். வேடிக்கை என்னவென்றால், கடைகளில் வைத்திருக்கிற சில கேசியோ மேசைக் கால்குலேட்டர்களில் 1680, +, 30, % என்று அதே வரிசையில் அழுத்தினால் 2400 வரும். வியாபாரிகள் விலையில் லாப விகிதம் வைத்துப் பார்ப்பதற்காக அந்தப் பொத்தான் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரே பொத்தான், இரண்டு விடை. அதனால் % பொத்தானை இந்தக் கணக்கில் நான் தொடுவதே இல்லை. 0.70ஆல் வகுத்தால் எந்தக் கருவியிலும் ஒரே விடைதான்.

அடுத்தது, அடுக்குத் தள்ளுபடி. ‘30% + கூடுதல் 20%’ என்று போர்டு வைத்திருப்பார்கள். பார்க்கிறவர் மனம் உடனே 50 என்று கூட்டிக்கொள்ளும். அதே ஜாக்கெட்டை அந்த நாளில் எடுத்திருந்தால் 2,400 முதலில் 1,680 ஆகும், பிறகு அந்த 1,680இல் 20 சதவீதம் போய் 1,344 ஆகும். 50 சதவீதம் என்று நினைத்து 1,344ஐ இரட்டித்தால் 2,688 என்று, இல்லாத விலை ஒன்று வரும். இங்கே மீதிப் பங்குகளைப் பெருக்க வேண்டும். 0.70 × 0.80 = 0.56, 1,344ஐ 0.56ஆல் வகுத்தால் 2,400. அதாவது உண்மையான தள்ளுபடி 44 சதவீதம்தான். இடையில் ‘200 ரூபாய் கூப்பன்’ மாதிரி ஏதாவது கழிந்திருந்தால், எது கடைசியில் கழிந்ததோ அதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகவேண்டும்; சதவீதமென்றால் வகுக்கவேண்டும், கூப்பனென்றால் திரும்பச் சேர்க்கவேண்டும்.

பில்லைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் சறுக்குகிற இடம் வேறு. ஜாக்கெட் பில்லில் 1,600 என்று ஒரு தொகையும், கீழே மத்திய, மாநில ஜிஎஸ்டி தலா 2.5 சதவீதம் என்று 40, 40 ரூபாயும், கடைசியில் 1,680உம் இருந்தன. செப்டம்பர் 22, 2025 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆடைக்கு 5 சதவீத வரி. அதுதான் அந்த 80. ‘வரி இல்லாத தொகைதானே பொருளின் விலை’ என்று 1,600ஐ 0.70ஆல் வகுத்தால் 2,285.71 வரும். அப்படி ஒரு விலைச்சீட்டை எந்தக் கடையிலும் பார்த்திருக்கமாட்டீர்கள். சீட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உட்பட்டது. தள்ளுபடி அந்த விலையிலிருந்து கொடுக்கப்பட்டிருந்தால், வகுக்கவேண்டியதும் வரி உட்பட்ட கடைசித் தொகையைத்தான்.

சில நேரம் முறை சரியாக இருந்தும் விலை முழுசாக வராது. இணையக் கடைகளில் இது அடிக்கடி நடக்கும். 1,139 ரூபாய், 62% தள்ளுபடி என்று ஒரு ஜாக்கெட் இருக்கிறது என்று வையுங்கள். 1,139ஐ 0.38ஆல் வகுத்தால் 2,997.37. யாரும் இப்படி விலை வைப்பதில்லை. 62 என்பதே முழு எண்ணுக்குச் சுருக்கிக் காட்டியது, உள்ளே 61.5க்கும் 62.5க்கும் இடையில் எதுவும் இருக்கலாம். அந்த இரண்டு ஓரங்களையும் வைத்துப் பார்த்தால் அசல் விலை ஏறக்குறைய 2,958இலிருந்து 3,037 வரை எங்கேயாவது இருக்கும். கடைகள் 99இல் முடிகிற விலையை விரும்புவதால் 2,999 என்று ஊகிக்கலாம். 2,999க்கு 1,139 என்றால் தள்ளுபடி 62.02 சதவீதம், பொருந்துகிறது. ஆனால் 2,990உம் 3,000உம் கூட இதே அளவு பொருந்தும், இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எது என்று சொல்ல முடியாது.