பல் எந்தப் பக்கம் கரைந்திருக்கிறது என்று பாருங்கள்: எனாமல் அரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலிருந்து வடமாநிலங்களுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவர் என்னிடம் வந்தார். வயது 38, ஊர் ஓமலூர்ப் பக்கம். "பல்லெல்லாம் மஞ்சளாயிடுச்சுங்க டாக்டர், தண்ணி குடிச்சாலே கூசுது" என்றார். சேலம், தருமபுரி மாவட்டங்களில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால், தம் பல்லிலும் அந்தத் தண்ணீர்க் கறைதான் படிந்திருக்கிறது என்று அவர் நம்பியிருந்தார். கறை போகட்டும் என்று மூன்று மாதமாக எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டுப் பல்லைத் தேய்த்தும் வந்திருக்கிறார்.

முதல் தவறு இந்த நம்பிக்கையிலேயே இருக்கிறது. ஃபுளோரைடு கறை பல் உருவாகும் குழந்தைப் பருவத்திலேயே எனாமலுக்குள் பதிவது. சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளாகவோ பழுப்புத் திட்டுகளாகவோ இரண்டு பக்கமும் ஒத்தாற்போல் இருக்கும். 35 வயதுக்கு மேல் புதிதாக வரும் மஞ்சள் அதுவாக இருக்க முடியாது. எனாமல் மெலிந்து, அதன் அடியில் இயல்பாகவே மஞ்சளாக இருக்கும் டென்டின் வெளியே தெரியத் தொடங்கியிருக்கிறது என்பதே அதற்குப் பெரும்பாலும் பொருள். அந்தப் பல்லை எலுமிச்சையால் தேய்ப்பது, அமிலத்தால் கரைந்துகொண்டிருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் அமிலத்தை ஊற்றி, அதன் மேல் உப்புத்தாள் போடுவதற்கு ஒப்பாகும்.

அவருடைய பற்களைக் காற்றடித்து உலர்த்திய பிறகே பார்த்தேன். எச்சில் ஈரம் இருக்கும்போது எல்லாப் பல்லும் பளபளப்பாகத்தான் தெரியும். உலர்ந்த பின்தான் எனாமலுக்குரிய நுண்வரிகள் மறைந்து, மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் வழவழப்பாகியிருப்பது கண்ணுக்குப் புலப்படும். கண்ணாடியை வாய்க்குள் திருப்பி மேல் முன்பற்களின் உட்புறத்தைப் பார்த்தபோது, ஈறை ஒட்டி மட்டும் மெல்லிய கரைபோல எனாமல் மிஞ்சியிருந்தது, மற்ற இடம் பள்ளமாக இறங்கியிருந்தது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் முகடுகள் ஒவ்வொன்றிலும் சிறு கிண்ணம்போல் குழி விழுந்து, அதன் அடி மஞ்சளாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் அடைத்துக்கொண்ட அடைப்பு, சுற்றியிருந்த பல் கரைந்து இறங்கிவிட்டதால், தண்ணீர் வற்றிய ஏரியில் நிற்கும் பாறைபோல் தனியாக மேலெழுந்து நின்றது. பல்லைக் கடிப்பதால் வரும் தேய்மானமாக இருந்தால், மேல் பல்லும் கீழ் பல்லும் ஒன்றோடொன்று பொருந்தும் தட்டையான முகங்கள் தெரியும், அடைப்பும் பல்லோடு சேர்ந்தே தேய்ந்திருக்கும். முரட்டுத்தனமாக பிரஷ் செய்ததால் வந்ததாக இருந்தால், ஈறோரத்தில் வெட்டுப்போன்ற பள்ளம் இருக்கும். இரண்டும் இங்கே இல்லை.

கீழ் முன்பற்களின் உட்புறம் முழுமையாக இருந்ததை நான் குறிப்பாகக் கவனித்தேன். வயிற்றிலிருந்து மேலெழும் அமிலம் நாக்கின் மேலே ஏறி மேல்பற்களின் உட்புறத்தைத் தாக்குகிறது. கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்கிறது, அதன் அடியிலேயே எச்சில் சுரப்பிகளின் வாய்களும் இருப்பதால் அந்த இடம் கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். எனவே மேலே உட்புறம் கரைந்து, கீழே உட்புறம் தப்பியிருந்தால், வயிற்று அமிலத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இவருக்கோ மேல் முன்பற்களின் வெளிப்புறமும், உதடு படும் பக்கம், மெலிந்திருந்தது; அது வெளியிலிருந்து வரும் அமிலத்தின் வழக்கமான இடம். ஒரே வாயில் இரண்டு காரணங்கள் இருந்தன. இந்த அடையாளங்கள் சட்டம் அல்ல. பானத்தை வாயில் கொப்பளித்துக் குடிப்பவருக்கு உட்புறமும் கரையலாம். ஆகவே பல்லைப் பார்த்தபின் ஆளைக் கேட்டே தீர வேண்டும்.

கேட்டபோது விடை நேராக வந்தது. தூக்கம் வராமலிருக்க இரவுக்கு இரண்டு எனர்ஜி டிரிங்க். "சர்க்கரை இல்லாதது தாங்க" என்று சேர்த்துச் சொன்னார். இது பலரும் செய்யும் தவறு. சர்க்கரை இல்லையென்றால் சொத்தைக்கான வாய்ப்புக் குறையும், அமிலம் குறைவதில்லை. புளிப்புக்காகச் சேர்க்கும் சிட்ரிக் அமிலம் அதில் அப்படியேதான் இருக்கிறது. அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். எனாமல் கரையத் தொடங்குவது ஏறக்குறைய pH 5.5-இல், இத்தகைய பானங்கள் பெரும்பாலும் 3-ஐ ஒட்டியே இருக்கின்றன, வயிற்று அமிலமோ 1 முதல் 2 வரை இறங்கும். அதைவிடக் கெடுதல், ஒரு கேனை மூன்று மணி நேரம் வைத்து ஒவ்வொரு மிடறாக உறிஞ்சியது. ஒரு மிடறு அமிலத்தை எச்சில் சமன்செய்யச் சிறிது நேரம் ஆகும்; அதற்குள் அடுத்த மிடறு இறங்கிவிட்டால் இரவு முழுவதும் வாய் அமிலமாகவே இருக்கும். குடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணீர் கொப்பளித்துத் துப்புவது நல்லது என்றேன்.

வலதுபுறப் பற்களில் அரிப்பு கூடுதலாக இருந்ததால், எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்றும் கேட்டேன். இரவு 11 மணிக்கு தாபாவில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கேபினில் வலப்பக்கமாகச் சாய்ந்து ஒரு மணி நேரம் தூங்குவாராம். விழிக்கும்போது தொண்டையில் புளிப்பு இருக்குமாம். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும், எனவே அப்போது எதுக்களிக்கும் அமிலத்துக்குத் தடுப்பே இல்லை. நெஞ்செரிச்சல் வந்தபோதெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சப்பியவர், இதைப் பல்லோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. வயிற்று மருத்துவரிடம் அனுப்பினேன்; இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடவும், தலைப்பக்கத்தை உயர்த்தி இடப்பக்கமாகப் படுக்கவும் சொன்னேன்.

வாந்தியோ எதுக்களிப்போ வந்தவுடன் பல் துலக்குவதும் பெரிய தவறு; வாய் நாற்றம் போக வேண்டுமென்று எல்லோரும் செய்வதுதான். அந்த நேரத்தில் எனாமலின் மேல்பரப்பு மென்மையாகியிருக்கும், பிரஷ் அதை உரித்தெடுத்துவிடும். வெறும் தண்ணீரிலோ, ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் சமையல் சோடா கரைத்தோ கொப்பளித்துவிட்டு, குறைந்தது அரைமணி நேரம் கழித்து மென்மையான பிரஷாலும் ஃபுளோரைடு பேஸ்டாலும் துலக்க வேண்டும்.

ஏற்காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி ஒருவர், அம்மாவோடு வந்தார். மேல் முன்பற்கள் ஆறின் உட்புறமும் கண்ணாடிபோல் கரைந்திருந்தன. "இருபது கொண்டை ஊசி வளைவுங்க, பஸ் ஏறினாலே இவளுக்கு வாந்தி" என்றார் அம்மா. மாதம் இருமுறை ஊருக்குப் போய்வருவதால் அந்த அளவுக்குக் கரைய வாய்ப்பில்லை. காதுக்கு முன்னால் தாடையோரமும் சற்று வீங்கியிருந்தது. அம்மாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகு, உடல் பருத்துவிடும் என்ற பயத்தில் சாப்பிட்டபின் தானே வாந்தியெடுப்பதை அந்தப் பெண் மெல்லச் சொன்னார். இந்தக் கேள்வியைப் பிறர் முன்னால் கேட்பதும், குற்றம் சாட்டும் குரலில் கேட்பதும் மருத்துவர்களாகிய நாங்கள் செய்யக்கூடாத தவறு. ஒருமுறை மறைக்க வைத்துவிட்டால் அவர் மீண்டும் வரமாட்டார். அவருக்கு உடனே வேண்டியது மனநல மருத்துவர்; பல்லுக்கு ஃபுளோரைடு பூச்சோடு நிறுத்திக்கொண்டோம்.

காரணம் நிற்பதற்கு முன் கேப் போட்டுவிடுவதும் இப்படித்தான் தவறாகிறது. ஓட்டுநருக்கு வேறொரு கிளினிக்கில் மேல்பற்கள் எட்டுக்கும் கேப் போடச் சொல்லியிருந்தார்கள். அமிலம் தொடர்ந்தால் கேப்பின் விளிம்பைச் சுற்றிப் பல் மேலும் கரையும். இருக்கும் எனாமலையும் கேப்புக்காகச் சீவியிருப்பார்கள். நான் படங்களும் அச்சும் எடுத்துவைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தேன். அவர் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பவர், ஆனால் முதல் நாள் அந்தப் பள்ளங்களில் டீக்கறை துளியும் இல்லை; கரைந்துகொண்டே இருக்கும் பரப்பில் கறை தங்காது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது மேல்பற்களின் உட்புறத்தில் மெல்லிய பழுப்பு ஏறியிருந்தது. "அதைச் சுத்தம் பண்ணிடுங்க டாக்டர்" என்றார். பழைய அச்சோடு ஒப்பிட்டு ஆழம் கூடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அரிப்பு நின்றதற்கு அந்தக் கறைதான் சாட்சி என்று காட்டினேன். அடுத்த வாரம் பல் நிறப் பிசினால் பள்ளங்களை மூட நாள் குறித்தோம்.