பாப்கார்ன் கதை எழுதுதீயளா, மாமா வாயில இந்த பதில வைக்காதீய

எங்க தெரு பிள்ளைகளுக்கு ஒரு குட்டிக்கதை எழுதினேன், ஒரு பய மாமாகிட்ட "பாப்கார்ன் ஏன் மாமா வெடிக்குது"ன்னு கேக்கான், அவரு "உள்ள காத்து இருக்குல்லா, சூட்டுல அது விரிஞ்சு வெடிச்சிரும்ல"ங்காரு. அக்கா மவன் வாசிச்சிட்டு "அரிசிக்குள்ளயும்தான் காத்து இருக்கும், அது ஏன் மாமா சட்டியில வெடிக்கல, என்னத்த எழுதிருக்கீய"ன்னுட்டான். பய கேட்டது சரிதான், அங்கதான் நான் சறுக்கினேன்.

வேலை பாக்குறது காத்து இல்ல, தண்ணி. காஞ்ச மாதிரி தெரியுற பாப்கார்ன் சோளத்துல நூத்துக்கு 14 பங்கு போல தண்ணி இருக்கும். வெளித்தோலு கெட்டியானது, லேசுல ஆவிய விடாது. சட்டி சூடாக சூடாக அந்தத் தண்ணி உள்ளயே ஆவியாகி முட்டும், மாவு வெந்து களி மாதிரி இளகிரும், 180 டிகிரி பக்கம் வரும்போது வெளிக்காத்தவிட ஒம்பது பத்து மடங்கு அழுத்தம், தோலு தாங்காம கிழியும். ஆவி ஒரே மூச்சுல விரிய, அந்தக் களி நுரையா பொங்கி அப்படியே ஆறி இறுகிரும். நாம திங்குற வெள்ளைப் பூ அதுதான்.

குக்கர உவமை சொல்லலாம், ஆனா விசில் அடிக்கிற குக்கர்னு எழுதிராதீய. விசிலு ஆவிய அப்பப்ப வெளிய விட்டுரும், சோளத்துக்கு அந்த வழி கிடையாது, அதான் விஷயமே.

இத பாடமா சொல்லாம பயலையே செய்ய விட்டேன் புதுக் கதையில. இருபது சோளத்த அப்படியே விடுதான், இன்னொரு இருபதுல மாமா கத்தியால தோல லேசா கீறித் தாராரு, கலந்துராம தனித்தனியா மூடி போட்டு வறுக்காவ. கீறாதது படபடன்னு பூக்குது, கீறினதுல முக்கால்வாசி கருகிக் கிடக்கு, ஏன்னா ஆவி கீறல் வழியா முன்னாடியே போயிருச்சு. காத்துதான் காரணம்னு எழுதிருந்தா தோலு எதுக்குன்னே கதையில வந்திருக்காது.

இன்னொரு தப்பு, மாமா கோவில்பட்டி பக்கம் கரிசக்காட்டுல இருந்து மக்காச்சோளத்த ஒடிச்சிட்டு வந்து காயவச்சு பொரிக்கிற மாதிரி எழுதுறது. காட்சி அழகாத்தான் இருக்கும், நானே எழுதி அடிச்சேன். தீவனத்துக்குப் போடுற அந்த ரகத்துல தோலு அழுத்தத்த அப்படி பிடிச்சு வைக்காது, வறுபடும், வெடிப்பு விடும், பூக்காது. பாப்கார்னுக்குன்னு ரகமே தனி.

கடைசில சட்டி அடியில நாலு பொரியாத மணி கிடக்கும், அத சொத்தைன்னு முடிச்சிராதீய. தோலுல விரிசல் விழுந்திருக்கும், இல்ல திறந்து வச்ச பாக்கெட்டுல தண்ணி வத்தியிருக்கும். பாக்கெட்டே அப்படி வத்திப்போச்சுன்னா, வறுக்காத மணிய முக்கால் லிட்டர் அளவுக்கு பாட்டில்ல போட்டு ஒரு பெரிய ஸ்பூன் தண்ணி விட்டு, மூடி, அப்பப்ப குலுக்கி மூணு நாலு நாள் வச்சா நெறைய மணி மறுபடி பொரியும். என் கதையில பய இப்போ அந்த பாட்டில கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சிட்டு, தினமும் ராத்திரி குலுக்கிப் பாக்கான்.