சிக்மா நிலையை உயர்த்திக் காட்டும் பொய்க் கணக்கு

கங்கைகொண்டான் தொழிற்பேட்டையிலும் பாளையங்கோட்டை அலுவலகங்களிலும் இன்வாய்ஸ் பதியும் குழுக்கள் பிழை குறையக் குறைய உயரும் தர அளவான சிக்மா நிலையைக் கணக்கிடத் தொடங்கும்போது, புதியவர்கள் அதே சில இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். கூட்டல் பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரையிலுள்ள கட்டங்களையெல்லாம் வாய்ப்பாக எண்ணுவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒரு குழு ஒரு மாதத்தில் 1,200 இன்வாய்ஸ்களைப் பதிந்து, அவற்றில் 60 பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். பதிவுத் திரையில் 25 கட்டங்கள் இருப்பதால் ஒரு இன்வாய்ஸுக்கு 25 பிழை வாய்ப்புகள் என்று எழுதினால், பத்து லட்சம் வாய்ப்புகளுக்கான பிழைகள், அதாவது DPMO, 2,000 என்றும் சிக்மா நிலை ஏறத்தாழ 4.4 என்றும் விடை வரும்.

ஆனால் வழங்குநர் குறியீட்டைத் தேர்ந்தெடுத்தவுடன் பெயர், முகவரி, மாநிலம், வங்கிக் கணக்கு எல்லாம் தாமாகவே நிரம்பிவிடுகின்றன. பதிபவர் அவற்றில் தனித்தனியே தவறு செய்ய வழியே இல்லை. உண்மையில் தவறக்கூடியவை ஐந்துதான்: வழங்குநர் தேர்வு, இன்வாய்ஸ் எண்ணும் தேதியும், தொகை, வரி வகை, கொள்முதல் ஆணையோடு பொருத்தம். ஐந்தை வைத்துக் கணக்கிட்டால் அதே 60 பிழைகள் பத்து லட்சத்துக்கு 10,000 ஆகி, சிக்மா நிலை 3.8-க்கு இறங்கிவிடும்.

ஒரு நிறுவனத்தில், திரையைப் புதுப்பித்துக் கட்டங்களைக் கூட்டிய மாதத்தில் சிக்மா நிலை ஏறியதைக் கண்டு, இரண்டாம் நிலைச் சரிபார்ப்பையே நிறுத்திவிட்டார்கள். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் கிளை வைத்திருந்த ஒரு வழங்குநருக்கு, 32 என்று தொடங்கும் கேரள ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதிலாக 33 என்று தொடங்கும் தமிழ்நாட்டு எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஐஜிஎஸ்டியைச் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி எனப் பிரித்துப் பதிந்த இன்வாய்ஸ்கள் அதன்பின் தடையின்றிப் போயின. வழங்குநர்கள் தாக்கல் செய்ததைக் காட்டும் GSTR-2B அறிக்கையோடு ஒப்பிட்டபோதுதான் உள்ளீட்டு வரிக் கணக்கு பொருந்தாதது தெரியவந்தது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மொத்தப் பிழைகளை இன்வாய்ஸ் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். மேலே சொன்ன கணக்கில் இரண்டு முறையிலும் 0.05, அதாவது இருபது இன்வாய்ஸுக்கு ஒரு பிழை. இந்த எண் அசையாமல் சிக்மா மட்டும் ஏறினால், வாய்ப்புப் பட்டியலில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். பட்டியலை மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய மாதங்களையும் புதிய பட்டியலின்படி மறுபடி கணக்கிட்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

பிழையையும் பிழையுள்ள இன்வாய்ஸையும் ஒன்றாக எண்ணுவது

ஒரே இன்வாய்ஸில் தொகையும் தேதியும் தவறினால் அவை இரண்டு பிழைகள்.

1.5-ஐக் குறிப்பிடாமல் விடுவது

மேலே தந்த சிக்மா மதிப்புகள், நீண்டகாலத் தரவின் மேல் வழக்கமாகக் கூட்டப்படும் 1.5 சிக்மா நகர்வையும் சேர்த்தவை. எக்செலில் அதற்கான சூத்திரம் இது; DPMO என்ற இடத்தில் உங்கள் எண்ணை இடுங்கள்:

```
=NORM.S.INV(1-DPMO/1000000)+1.5
```

கூட்டியதா இல்லையா என்பதை அறிக்கையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.