கவிழ்ந்த தேத்தண்ணிக்கு ஒரு காவியம்

சின்னச் சம்பவத்தைக் காவிய நடையில் எழுதிச் சிரிக்க வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விடும் பிழை, சம்பவத்தையும் சேர்த்துப் பெரிதாக்குவது. கவிழ்ந்தது ஒரு கோப்பை என்றால் ஒரு கோப்பைதான். நடையை மட்டும் உயர்த்துங்கள்.

போன கிழமை கல்லடியில் எங்கள் வீட்டில் மாமியின் முழங்கை பட்டுத் தேத்தண்ணி கவிழ்ந்தது. 'தேத்தண்ணி வெள்ளம் ஊரையே அழித்தது' என்று முதலில் எழுதினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்புறம் வடமோடிக் கூத்து நினைவுக்கு வந்தது. அங்கே அரசன் சும்மா வந்து நிற்பதில்லை. கட்டியகாரன் அறிவிக்க, வரவுப் பாட்டோடுதான் வருவான். அந்த மரியாதையைத் தேத்தண்ணிக்குக் கொடுத்தேன்:

"இஞ்சி மணக்க, இரண்டு கரண்டி சீனி துணைவர, உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தாற்போலப் புறப்பட்டான் தேத்தண்ணி வேந்தன். மேசைச் சமவெளி கடந்தான். கரண்ட் பில் என்னும் கோட்டையை மூழ்கடித்தான். மாமா அதைத் தூக்கி உதறினார். கட்ட வேண்டிய தொகை மட்டும் அழியவில்லை."

சிரிப்பு அந்தக் கடைசி வரியில் வருகிறது. மேலே ஓடிய நடை அங்கே சட்டென்று வீட்டுப் பேச்சுக்கு இறங்குகிறது. கரண்ட் பில்லை 'ஓலை' ஆக்கினால் அந்த இறக்கம் போய்விடும், ஆகவே பொருள்களின் பெயரில் கைவைக்காதீர்கள். உவமையும் ஒன்று போதும். இரண்டாவது குளத்தைத் திறந்தபோது மாமியே எழும்பிப் போய்விட்டார்.