தமிழ் ‘நீ’ இந்தியில் ‘தும்’ ஆவதா, ‘தூ’ ஆவதா?

தமிழ் உரையாடலை இந்தியில் பெயர்க்கும்போது ‘நீங்கள்’ பெரும்பாலும் ‘ஆப்’ ஆகிவிடுகிறது. தடுமாற்றம் ‘நீ’ என்ற சொல்லில்தான் தொடங்குகிறது, ஏனெனில் அதற்கு இந்தியில் ‘தும்’, ‘தூ’ என இரண்டு வாசல்கள் உள்ளன. ‘டேய்’, ‘டா’ என்று உரிமையோடு பேசும் நெருங்கிய நண்பர்களுக்குத் ‘தூ’ பொருந்தும்; அந்த விளி இல்லாத சக வயதினருக்குத் ‘தும்’ போதும். ஆனால் அதே ‘தூ’வை அறிமுகமற்றவரிடம் சொன்னால், அது வசையாகவே ஒலிக்கும்.

தாயிடம் பேசும் இடம் இன்னும் நுட்பமானது. “அம்மா, நீ எப்போது வந்தாய்?” என்று மகன் கேட்பது தமிழில் மரியாதைக் குறைவன்று. இந்தி பேசும் பல வீடுகளிலோ தாயை ‘ஆப்’ என்றே அழைக்கிறார்கள். சில வீடுகளில் ‘தும்’, ஏன், பாசத்தோடு ‘தூ’வும் உண்டு. கதையில் வரும் குடும்பத்தின் இயல்பைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இறுதிவரை மாற்றாமல் வைத்திருங்கள். நான் பெரும்பாலும் ‘தும்’ என்பதையே தேர்கிறேன். தமிழ் ‘நீ’யில் உள்ள நெருக்கம் அதில் மிஞ்சுகிறது.

வினையும் உடன் மாற வேண்டும். ‘வா’ என்பது தூவுக்கு ‘ஆ’, தும்முக்கு ‘ஆவோ’, ஆப்புக்கு ‘ஆயியே’. தாத்தாவிடம் “ஆப் ஆவோ” என்று எழுதினால், பேச்சில் சில இடங்களில் அது கேட்கக் கிடைத்தாலும், ஏட்டில் பிழையாகவே தெரியும். இதனால், வரைவு முடிந்ததும் ஒவ்வொரு பாத்திரத்தின் ஏவல் வினைகளையும் தனியே படித்துப் பாருங்கள்.