லாண்டிரி ஸ்டீம் லைன்: திரும்பி வரும் பைப்பில் நடக்கும் தவறுகள்

பினாங்கில் மருத்துவமனை லாண்டிரி வேலைக்கு வரும் புதிய பொறியாளர்களின் வரைபடங்களில் ஸ்டீம் பைப் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. நொடிக்கு 25 மீட்டர் வேகம் என்று வைத்து அட்டவணையைப் பார்த்துப் போட்டுவிடுகிறார்கள். கோட்டை விடுவது கண்டன்சேட், அதாவது ஸ்டீம் குளிர்ந்து ஆன தண்ணீர், திரும்பி வரும் பக்கத்தில்தான். லேகிங், வால்வ் திசை எல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடலாம்.

கண்டன்சேட் பைப்பைத் தண்ணீர் பைப்பாக நினைப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

ஸ்டீமைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் வெளியே விடுவது டிராப். 7 பாரில் ஓடும் அயர்னரிலிருந்து அதற்கு வரும் தண்ணீர் சுமார் 170 டிகிரியில் இருக்கும். டிராப்பைத் தாண்டியதும் அழுத்தம் விழுகிறது. திறந்த லைனில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் தண்ணீராக இருக்க முடியாது. மிச்ச வெப்பம் அதில் 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலான பங்கை மறுபடி ஆவியாக்கிவிடும். இதுதான் ஃபிளாஷ் ஸ்டீம்.

செபராங் பிறைப் பக்கம் ஒரு மருத்துவமனை லாண்டிரி. அயர்னர், டிரையர் எல்லாம் சேர்த்து மணிக்கு 1000 கிலோ கண்டன்சேட். தண்ணீர் என்று மட்டும் பார்த்தால் 1 கன மீட்டர்தான், 25 மி.மீ. பைப் தாராளம். அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஆனால் 134 கிலோ ஃபிளாஷ் ஸ்டீம் திறந்த அழுத்தத்தில் 224 கன மீட்டர் இடம் கேட்கும். அதை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கொண்டுபோக 80 மி.மீ. பைப் வேண்டும். 25-இல் அது நொடிக்கு 100 மீட்டரைத் தாண்ட வேண்டியிருக்கும். அப்படி ஓடாது. லைனிலேயே அழுத்தம் ஏறி, டிராப்பைப் பின்னாலிருந்து தள்ளும்.

"அண்ணே, காலையில முதல் லோடு காயவே மாட்டேங்குது" என்றார் லாண்டிரி சூப்பர்வைசர். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது கண்டன்சேட் மிக அதிகம், முட்டுவதும் அப்போதுதான். விரிப்புகள் ஓரத்தில் ஈரத்தோடு வரும், பைப்பில் டமால் டமால் என்று சத்தம் கேட்கும். உடனே எல்லாரும் செய்வது டிராப்பை மாற்றுவது. அங்கேயும் மாற்றினார்கள், சரியாகவில்லை. பிறகு யாரோ ஒருவர் பைபாஸைத் திறந்துவிட்டார். அந்த ஒரு மெஷின் சூடேறியது. ஆனால் நேரடி ஸ்டீம் அதே ஒல்லி லைனுக்குள் பாய்ந்ததால் பக்கத்து டிரையர்கள் மொத்தமும் தண்ணீரில் மூழ்கின. டீசல் பில்லும் ஏறியது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. டிராப்புக்குப் பின்னால் பைப்பில் லேகிங்கைக் கொஞ்சம் விலக்கி, கறுப்பு டேப் ஒட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள் (பளபளக்கும் பைப்பில் அது பொய் சொல்லும்). 100 டிகிரியை ஒட்டி இருந்தால் லைன் திறந்தே இருக்கிறது. 120 என்றால் ஏறத்தாழ 1 பார், 133 என்றால் 2 பார் எதிர் அழுத்தம். டிராப் சரியாக மூடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கசியும் டிராப்பும் இதே எண்ணைக் காட்டும்.

தீர்வு: 80 மி.மீ. லைன், ரிசீவர் நோக்கிச் சரிவு, ரிசீவருக்கு வென்ட். அங்கிருந்து பாய்லர் ஃபீட் டேங்க்வரை பம்ப். பம்புக்குப் பிறகு ஓடுவது தண்ணீர்தான், அங்கே சின்ன பைப் போதும்.

பம்ப் லைனில் டிராப்பைச் சேர்ப்பது

கூடாது.

டிரையர் தண்ணீரைக் கூரைக்கு ஏற்றுவது

கண்ட்ரோல் வால்வ் உள்ள டிரையரில் காற்று சூடானதும் வால்வ் சுருங்கும், காயிலில் அழுத்தம் கிட்டத்தட்டப் போய்விடும். ஒரு மீட்டர் உயர்த்த 0.1 பார் வேண்டும், தள்ள எதுவும் இருக்காது. அங்கே ஃப்ளோட் டிராப் போட்டுக் கீழே ரிசீவருக்கு விடுங்கள். உருளும் சிலிண்டர் அயர்னருக்கு ஸ்டீம் லாக் ரிலீஸ் உள்ள ஃப்ளோட் டிராப் வேண்டும்.

மெஷின்களுக்குப் பொதுவாக ஒரே டிராப்

ஒவ்வொன்றுக்கும் தனி.

பிஆர்வியை லைன் அளவில் வாங்குவது

அழுத்தம் குறைக்கும் வால்வை, அதாவது பிஆர்வியை, கொள்ளளவுக்கு வாங்குங்கள், பைப்பை வேகத்துக்கு. வாஷர்களுக்கு 7 பாரிலிருந்து 3 பாருக்கு இறக்குகிறோம், மணிக்கு 400 கிலோ என்று வையுங்கள். அதே ஸ்டீம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். முன்னால் 40 மி.மீ. என்றால் பின்னால் 50. முன்னால் செபரேட்டர், ஸ்ட்ரெய்னர். ஸ்ட்ரெய்னரின் வயிறு பக்கவாட்டில் இருக்க வேண்டும், கீழே தொங்கினால் தண்ணீர் தேங்கும். பின்னால் சேஃப்டி வால்வ், பிஆர்வி முழுதாகத் திறந்து மாட்டிக்கொண்டால் வரும் அளவுக்கு.

வாஷர் ஸ்டீமையும் கண்டன்சேட்டில் கூட்டுவது

நேரடியாகத் தண்ணீருக்குள் ஸ்டீம் விடும் வாஷரிலிருந்து எதுவும் திரும்பாது, சாக்கடைக்குப் போகிறது. அந்த 400 கிலோவுக்குப் பச்சைத் தண்ணீர் ஏறியே தீரும், சாஃப்டனரை அதற்கும் சேர்த்துப் போடுங்கள்.