வீட்டைக் கையேற்கும்போது எழுத வேண்டிய கையளிப்புச் சான்றிதழ்: மலையகத்தில் வீடு கட்டுபவர்களுக்கு

ஹட்டன், நோர்வுட், தலவாக்கலை பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர் கார்த்திகை மாதத்துக்குள் வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். மார்கழியில் பால் காய்ச்ச யாருக்கும் மனம் வராது. சரி, நவம்பர் 10ஆம் திகதி வீட்டைக் கையேற்கிறீர்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம், அதாவது தெரியவரும் குறைகளைக் கொந்தராத்துக்காரர் தன் செலவில் திருத்தித்தர வேண்டிய காலம், ஆறு மாதம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அது மே 9ஆம் திகதி முடிகிறது. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்தில் மே கடைசியில்தான் பிடிக்கும். கூரை ஒழுகுமா, ஜன்னல் ஓரத்தால் தண்ணீர் உள்ளே வருமா என்று காட்டப்போகும் மழை வரும்போது கொந்தராத்துக்காரரின் பொறுப்பும் முடிந்திருக்கும், நீங்கள் பில்களில் பிடித்து வைத்திருந்த காசும் அவர் கைக்குப் போயிருக்கும்.

பதுளை, பண்டாரவளை பக்கம் இதே கணக்கு வேறு மாதங்களில் வரும். அங்கே பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. பெப்ரவரியில் கையேற்றால் ஆறு மாதம் ஓகஸ்டில் முடிந்துவிடும். ஆகவே மலைநாட்டில் யார் கேட்டாலும் நான் சொல்வது 12 மாதம். ஒரு முழு மழைக்காலம் அதற்குள் கட்டாயம் வரும். இதை வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். வீடு முடிந்த பிறகு கேட்டால் யாரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள்.

படி 1: காசை எப்படிப் பிடித்து வைப்பது

ஒப்பந்தத் தொகை 80 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். பரவலாக உள்ள முறை இதுதான்: ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடிப்பது, மொத்தம் ஒப்பந்தத் தொகையின் 5 வீதத்தைத் தொட்டதும் பிடிப்பதை நிறுத்துவது. இங்கே 5 வீதம் என்றால் 4 இலட்சம். முதல் பில் 20 இலட்சம் என்றால் 2 இலட்சத்தைப் பிடித்துக்கொண்டு 18 இலட்சம் கொடுப்பீர்கள். இரண்டாவது பில்லும் 20 இலட்சம் என்றால் இன்னொரு 2 இலட்சம். 4 இலட்சம் சேர்ந்துவிட்டது. மூன்றாவது பில்லிலிருந்து முழுக் காசையும் கொடுக்க வேண்டியதுதான்.

இந்த 4 இலட்சம் கொந்தராத்துக்காரர் உழைத்த காசு, உங்கள் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். கையேற்கும் நாளில் பாதி, அதாவது 2 இலட்சத்தை அவருக்குக் கொடுக்க வேண்டும். மீதி 2 இலட்சம் 12 மாதம் முடியும்வரை உங்களிடம் இருக்கும். சிலர் முழுவதையும் வைத்துக்கொண்டு ‘அப்புறம் பார்ப்போம்’ என்பார்கள். அப்படிச் செய்தால் குறையைத் திருத்த ஆளைக் கூப்பிடும்போது அவர் வரமாட்டார், அதில் நியாயமும் இருக்கும்.

படி 2: பால் காய்ச்சுவதையும் கையேற்பதையும் பிரியுங்கள்

இங்கே பலருக்கும் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். நல்ல நாள் பார்த்தாயிற்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, ஆனால் குளியலறை டைல்ஸ் இன்னும் முடியவில்லை. பால் காய்ச்சி அன்றே குடியேறிவிட்டால், நீங்கள் வீட்டைக் கையேற்றுவிட்டீர்கள் என்று கொந்தராத்துக்காரர் சொல்லலாம். அதன் பிறகு உடைந்த டைல்ஸ் எல்லாம் ‘நீங்கள் சாமான் ஏற்றும்போது உடைந்தது’ ஆகிவிடும்.

வழி ஒன்றுதான். சடங்கை நடத்துங்கள், சாவியைத் திருப்பிக் கொடுங்கள், அதற்கு முன் ஒரு துண்டில் இப்படி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: ‘இன்று நடப்பது சமயச் சடங்கு மட்டுமே. வீடு இன்னும் கையேற்கப்படவில்லை.’

படி 3: பார்த்துச் சோதிப்பது

இந்த நாளுக்கு மேசன் பாஸ், கொந்தராத்துக்காரர் இருவரும் வர வேண்டும். பிளானைப் போட்ட ஆளோ, தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரோ கூட இருந்தால் நல்லது. பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாலை மூன்று மணிக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் சுவரில் உள்ள வெடிப்பு எதுவும் கண்ணுக்குப் படாது.

கதவு, பூட்டு, சுவிட்ச் போன்றவற்றை ஒவ்வோர் அறையாகப் போட்டுப் பார்த்துக் குறித்துக்கொண்டு போகலாம். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அமுக்கினால் கரண்ட் உடனே நிற்க வேண்டும். நேரத்தைத் தண்ணீருக்கு ஒதுக்குங்கள்.

குளியலறையில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் இறுக்கி அடைத்து, தரையில் ஓர் அங்குலம் உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். சுவர் டைல்ஸில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடிட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். நம்முடைய குளிரில் ஒரே நாளில் ஆவியாகிப் போவது மிகக் கொஞ்சம். மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தாலோ, வெளிச்சுவரிலோ கீழ்த்தளக் கூரையிலோ ஈரம் தெரிந்தாலோ கசிவு இருக்கிறது. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் முழுவதும் வடிகிறதா, ஒரு மூலையில் தேங்குகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கூரைக்கு ஹோஸ் பிடியுங்கள். கீழ்விளிம்பில் தொடங்கி மெதுவாக மேலே போக வேண்டும். மேலேயிருந்து தொடங்கினால் எந்த இடத்தால் ஒழுகுகிறது என்று பிடிக்க முடியாது. இரண்டு கூரைகள் சேரும் பள்ளத்திலும், சீட்டும் சுவரும் சேரும் இடத்திலும் நேரம் எடுங்கள். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு நிற்க வேண்டும். பிறகு, மழைக்காற்று நேராக அடிக்கும் பக்கத்து ஜன்னல்களுக்குப் பத்து நிமிடம் வீதம் அடியுங்கள். ஹட்டன் பக்கம் அது மேற்கும் தென்மேற்கும். ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் திண்டின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால், நீளவாக்கில் ஒரு சிறு பள்ளம் கையில் பட வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீர் சொட்டாமல் அடியோடு ஊர்ந்து சுவருக்குள் போகும்.

கடைசியாக வீட்டுக்குப் பின்னால் உள்ள அணைச்சுவர். அதில் விட்டிருக்கும் பி.வி.சி. துளைகளுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். சீமெந்து அடைத்திருந்தால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மழையில் சுவரையே தள்ளும். சுவருக்கு மேலே ஓடும் கான் தண்ணீரை வீட்டைச் சுற்றி வெளியே கொண்டுபோகிறதா, பாதியிலேயே மண்ணுக்குள் விடுகிறதா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் காணிக்கு அறிக்கை தந்திருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். அதில் சொன்ன கானும் சுவரும் புல் பதித்த சரிவும் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும்.

படி 4: குறைப் பட்டியல்

‘குளியலறை சரியில்லை’ என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. ‘பின் குளியலறை, கதவுக்கு இடப்பக்க மூலையில் தண்ணீர் தேங்குகிறது, நான்கு டைல்ஸ் கழற்றிச் சரிவு திருத்த வேண்டும், நவம்பர் 24க்குள்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஒரு படம் எடுத்து, எண் போட்டு வையுங்கள்.

குடியிருக்கத் தடையில்லாத சிறு குறைகள் என்றால் பட்டியலோடு கையேற்கலாம். கூரை ஒழுக்கு, மின்சார வேலை, அணைச்சுவர் இவற்றில் குறை இருந்தால் கையேற்காதீர்கள். திருத்தட்டும், பிறகு நாள் குறிக்கலாம்.

படி 5: சான்றிதழ்

ஒரு பக்கம் போதும். இதை அப்படியே எடுத்து உங்கள் விவரங்களைப் போட்டுக்கொள்ளுங்கள்:

> ……… என்னும் முகவரியில், ……… திகதிய ஒப்பந்தப்படி கட்டப்பட்ட வீட்டை, இன்று 10 நவம்பர் அன்று உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் சேர்ந்து பார்வையிட்டோம். இணைப்பு 1இல் உள்ள குறைகள் தவிர வேலை முடிந்துள்ளது. உரிமையாளர் இன்று வீட்டைக் கையேற்கிறார்.
>
> குறைபாட்டுப் பொறுப்புக் காலம் இன்று தொடங்கி 12 மாதங்கள். அடுத்த ஆண்டு நவம்பர் 9 அன்று முடியும்.
>
> பிடித்து வைத்த 4,00,000 ரூபாவில் 2,00,000 ரூபா இன்று கொடுக்கப்பட்டது. மீதி 2,00,000 ரூபா மேற்படி காலம் முடிந்து, அறிவிக்கப்பட்ட குறைகள் திருத்தப்பட்டதும் கொடுக்கப்படும்.
>
> எழுத்தில் அறிவித்து 14 நாட்களுக்குள் ஒப்பந்தக்காரர் குறையைத் திருத்தாவிட்டால், உரிமையாளர் வேறு ஆளைக் கொண்டு திருத்தி, அதற்கான நியாயமான செலவை இத்தொகையில் கழிக்கலாம்.

இதன் கீழே இருவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து, இரண்டு சாட்சிகள். சாவிகளின் எண்ணிக்கை, மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் வாசிப்பு, வாங்கிக்கொண்ட பத்திரங்கள் (பைப்பும் வயரும் போகும் வரைபடம், தண்ணீர் மோட்டார் உத்தரவாத அட்டை போன்றவை) ஆகியவற்றையும் எழுதுங்கள். கொந்தராத்துக்காரருக்குத் தமிழ் வாசிக்க வராவிட்டால் சிங்களத்திலும் ஒரு பிரதி போட்டு இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். வாசிக்க முடியாத பத்திரத்தில் இரு தரப்பும் கையெழுத்திடக் கூடாது.

இதையும் சி.ஓ.சி.யையும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். சி.ஓ.சி. என்பது, அங்கீகரித்த பிளானின்படிதான் கட்டியிருக்கிறீர்கள் என்று பிரதேச சபையோ நகர சபையோ மாநகர சபையோ தருவது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

படி 6: மழை வந்த பிறகு

ஜூனில் மேற்குப் பக்க அறை ஜன்னலுக்குக் கீழே பூச்சு நனைந்து உப்புகிறது, கூரைப் பள்ளத்தால் சொட்டுகிறது என்று வையுங்கள். போனில் சொன்னதோடு விடாதீர்கள். திகதி போட்ட கடிதம், கூடவே படங்கள். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினாலும் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள். 14 நாள் போய்விட்டது, ஆள் வரவில்லை. வேறொரு பாஸிடம் விலை எழுதி வாங்குங்கள், முடிந்தால் இரண்டு பேரிடம். வேலை முடிந்து 45,000 ரூபா செலவென்றால் பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு, நவம்பரில் 1,55,000 ரூபாவைக் கொடுத்துக் கணக்கை முடிக்கலாம்.

எல்லாக் குறையும் அவர் தலையில் விழாது. டிஷ் அன்டெனா பூட்ட நீங்கள் சீட்டில் துளை போட்டு அதனால் ஒழுகினால் அது உங்கள் செலவு. பூச்சில் விழும் மயிரிழை வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சு காய்வதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு வேறு. அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள், மாதம் ஒரு தடவை பாருங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால், அதுவும் மண் நிரப்பி மட்டமாக்கிய பக்கத்தில் என்றால், மண் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு மேல் பூச்சுப் பூசி மறைக்க விடாமல் பொறியியலாளர் ஒருவரைக் கூப்பிடுங்கள். பிழை கட்டியதிலா, அத்திவாரத்தை வரைந்ததிலா என்று அவர்தான் சொல்ல முடியும்.

படி 7: கணக்கை முடிப்பது

காலம் முடிய மூன்று வாரம் இருக்கும்போதே இருவரும் மறுபடி வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கடைசி நாளுக்கு முந்தின நாள் பட்டியலை நீட்டினால் சண்டைதான் வரும். திருத்தம் முடிந்ததும் மீதிக் காசைக் கொடுத்து, ‘கழித்த தொகை போக முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள்.

அதன் பிறகும் பத்திரங்களைக் குப்பையில் போடாதீர்கள். அத்திவாரத்தில் ஒளிந்திருக்கும் பெரிய குறை அப்புறம்தான் தெரியவரலாம். இலங்கையின் காலாவதிச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குப் போட 6 ஆண்டு இருக்கிறது, வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுதான். ஒப்பந்தம், சான்றிதழ், குறைப் பட்டியல், படங்கள், கடிதங்கள், பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஈரம் படாத பிளாஸ்டிக் உறையில் போட்டு, காணி உறுதியோடு வையுங்கள்.